மாதத்துக்கு நான்கு வாரம் என்று நினைத்து நான் பட்ட கடன்

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், என் வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன் என்று நான்கு பேர். அவருக்கு மாதச் சம்பளம் 22,000 ரூபாய். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், அதில் 4,000 ரூபாய் கிடைக்கும். 2024 ஜூனிலிருந்து 2025 ஜனவரி வரை எட்டே மாதத்தில், சாப்பாட்டுச் செலவில் மட்டும் 14,300 ரூபாய் கடன் ஏறி, என் தோட்டையும் மோதிரத்தையும் அடகு வைக்கும் நிலைக்கு வந்தேன். அந்த எட்டு மாதமும் இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். யாராவது ஒருவர் முன்கூட்டியே எனக்கு இதையெல்லாம் சொல்லியிருந்தால் அந்தத் தோடு என் காதிலேயே இருந்திருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மளிகைச் சாமான் எப்போதும் பற்று நோட்டில்தான் வரும். மாதம் முழுக்கத் தேவைக்கு வாங்கிக்கொள்வது, சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கட்டுவது. 2024 கோடையில் விலைவாசி கைக்கு மீறிப் போவது போலத் தோன்றியதால், இனி வாரக் கணக்குப் போட்டுச் செலவு செய்வோம் என்று நானே ஒரு திட்டம் வைத்தேன். ஒரு வாரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில் 2,100 ரூபாய் வந்தது. நான்கால் பெருக்கினேன், 8,400. மாதத்துக்கு அவ்வளவுதான் என்று முடிவு செய்து, மற்ற செலவுகளை எல்லாம் அதற்கேற்ப ஒதுக்கினேன். மனசுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. நான் செய்த பெரிய தவறு அந்தப் பெருக்கலில்தான் இருந்தது. ஆனால் அது எனக்குத் தெரிய ஏழெட்டு மாதம் ஆனது.

முதல் மாதக் கடைசியில் நான்கைந்து நாளுக்குப் பணம் இல்லை. சரி, இந்த மாதம் விருந்தாளி வந்தார்கள், அதனால்தான் என்று நினைத்து, குறைந்ததைப் பற்று நோட்டில் போட்டேன். அடுத்த மாதமும் அதேதான். அந்த மாதம் பூண்டின் மேல் பழி போட்டேன். ஒவ்வொரு மாதமும் பழி போட ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியைக் கூட்டியது. சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை வரி சுழியத்திலிருந்து 20 சதவீதமாகவும், சுத்திகரித்தவற்றுக்கு 12.5-லிருந்து 32.5 சதவீதமாகவும் ஏறியது. தீபாவளிப் பலகாரம் சுடும் நேரத்தில் எண்ணெய் விலை ஏறினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நவம்பரில் பெரிய வெங்காயம் ஏறியது. அதன் பிறகு தேங்காய். கடை நோட்டில் பாக்கி ஆயிரம், மூவாயிரம், ஏழாயிரம் என்று ஏறிக்கொண்டே போனது.

பற்று வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாக்கி ஏறிய பிறகு நான் விலை கேட்பதையே நிறுத்திவிட்டேன். பணம் பாக்கி வைத்திருக்கிறவள் எந்த வாயால் "அண்ணே, துவரம்பருப்பு என்ன விலை போட்டீங்க?" என்று கேட்பாள்? ஜனவரியில் ஒரு நாள் வேறு கடையில் கையில் காசு கொடுத்துக் கால் கிலோ வாங்கும்போதுதான் பார்த்தேன். அங்கே கிலோ 165, என் நோட்டில் 178. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் என் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார், அவர் சரக்கு எடுக்கும் இடத்தில் அவருக்கும் கடன் இருக்கும். ஆனால் அந்த 13 ரூபாய், விலை கேட்க முடியாத நிலைக்கு வந்ததற்கு நான் கொடுத்த வட்டி. நோட்டு முழுக்க இருந்த சாமான்களில் இப்படி எவ்வளவு போனது என்று கணக்குப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

பயத்தில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில், பருப்பு இன்னும் ஏறப் போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மொத்த விலை என்று 10 கிலோ துவரம்பருப்பை 1,650 ரூபாய்க்கு வாங்கி வைத்தேன். எங்களுக்கு மாதம் இரண்டு கிலோ போதும். அதில் ஒரு கிலோ ரேஷனில் வந்துவிடும். ஆக நான் வாங்கியது பத்து மாதச் சரக்கு. மழைக்காலம் வேறு. காயவைக்காமல் அப்படியே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்தேன். பிப்ரவரியில் திறந்தபோது வண்டு. புடைத்து, வெயிலில் போட்டு, எடுத்தது போக மூன்று கிலோ வீண். இதில் இன்னும் வயிற்றெரிச்சல் என்னவென்றால் 2025-இல் துவரம்பருப்பு விலை இறங்கிவிட்டது. அந்த ஆண்டின் நடுவில் எங்கள் கடையிலேயே 120-க்குக் கிடைத்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது பயந்து மொத்தமாக வாங்குவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது புரிந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் வருஷச் சாமான் வாங்கும் வழக்கம் உண்டு, அது நல்ல வழக்கம்தான். ஆனால் பெரியவர்கள் எதை, எப்போது வாங்கினார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. புதுப்புளி மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும். மிளகாயும் அதே நேரம்தான், ராமநாதபுரம் முண்டு மிளகாய் கோடையில்தான் வந்து இறங்கும். வரத்து அதிகம் இருப்பதால் விலை அடங்கி இருக்கும், பங்குனி சித்திரை வெயிலில் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நன்றாகக் காயவைத்து எடுத்து வைக்கலாம். புளியைக் கொட்டை, கோது எடுத்துக் கல்லுப்பு சேர்த்து ஜாடியில் வைத்தால் வருஷம் தாங்கும். அதாவது வரத்துக் காலத்தில், காய்ந்த, கெடாத பொருளை வாங்குவதுதான் அந்த வழக்கம். விலை ஏறிய காலத்தில், வண்டு விழும் பொருளை வாங்குவது அதில் சேராது. இப்போது நான் புளியும் மிளகாயும் மட்டும்தான் ஆண்டுக்கு ஒருமுறை வாங்குகிறேன். பருப்பு எதுவானாலும் ஒரு மாதத்துக்கு மேல் வாங்குவதில்லை.

அந்த மாதங்களில் நான் செய்ததிலேயே என்னை அதிகம் உறுத்துவது பணம் அல்ல. மாதக் கடைசியில் எதைக் குறைக்கலாம் என்று பார்த்தால் சட்டென்று கையில் அகப்படுவது பாலும் முட்டையும்தான். அரிசியைக் குறைத்தால் வயிறு கேட்கும். பாலைக் குறைத்தால் யாரும் சண்டை போடமாட்டார்கள். ஒரு லிட்டரை அரை லிட்டராக்கினேன், முட்டையை நிறுத்தினேன், சாம்பாரில் பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். குழம்பும் சோறும் நிறைய இருந்ததால் பிள்ளைகள் பசி என்று சொல்லவில்லை. டிசம்பரில் மகளுக்குப் பள்ளியில் தலைசுற்றல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. அவள் வயசுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை வாயில் போடாமல் பையில் வைத்திருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் டாக்டர் "என்னம்மா சாப்பிடுது பிள்ளை?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. வெளியே வந்து அழுதேன்.

ஜனவரியில் பொங்கலுக்கு ரேஷனில் ஆயிரம் ரூபாய் வரும், கொஞ்சம் கடை பாக்கியைக் குறைக்கலாம் என்று எதிர்பார்த்திருந்தேன். 2024-இல் வந்ததே என்ற நம்பிக்கை. 2025-இல் பச்சரிசி, சர்க்கரை, முழுக்கரும்பு வந்தது, பணம் கிடையாது. வருமா வராதா என்று தெரியாத பணத்தை நான் ஏற்கனவே செலவு செய்துவிட்டிருந்தேன். தை முதல் வாரத்தில் கடைக்கார அண்ணன் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, பாக்கி பதினாலாயிரத்தைத் தாண்டிருச்சு, கொஞ்சம் பாருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அன்று மதியமே தோட்டையும் மோதிரத்தையும் கொண்டு போய் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு 15,000 ரூபாய் வாங்கிப் பாக்கியை முழுக்கக் கட்டினேன். மாதம் 300 ரூபாய் வட்டி. நகையைத் திருப்ப எட்டு மாதம் ஆனது, வட்டி மட்டும் 2,400.

வெறும் காதோடு இருந்த என்னைப் பார்த்து முதலில் கேட்டது முன்கட்டில் இருக்கும் ஆச்சி. எண்பது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பா பர்மாவில் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்துப் பேரேடுகள் சில இன்னும் அவர் பெட்டகத்தில் இருக்கின்றன. எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "நோட்டைக் கொண்டா ஆத்தா" என்றார். நான் எழுதிய பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "வருஷத்துக்கு எத்தனை வாரம்?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு என்றேன். "நீ நாப்பத்தெட்டு வாரத்துக்குத்தானே பணம் வச்சிருக்கே. மிச்ச நாலு வாரம் பட்டினியா கிடப்பீக?" என்றார்.

அங்கேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாதத்துக்கு நான்கு வாரம் என்றால் 28 நாள்தான். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் மிச்சம், ஆண்டுக்கு நான்கு வாரம். என் கணக்கில் ஒரு வாரம் 2,100 ரூபாய், ஆக ஆண்டுக்கு 8,400 ரூபாய்க்கு நான் பணமே ஒதுக்கவில்லை. மாதத்துக்கு 700 ரூபாய் துண்டு. எட்டு மாதத்தில் 5,600. என் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலைவாசியால் வந்ததே இல்லை, விலை ஒரு பைசா ஏறாவிட்டாலும் வந்திருக்கும். நான் பூண்டையும் எண்ணெயையும் திட்டிக்கொண்டிருந்தேன். விலை ஏறும் காலத்தில் இதுதான் ஆபத்து. நம் கணக்கில் இருக்கும் ஓட்டையை விலைவாசி மறைத்துவிடும். வாரக் கணக்கில் செலவு செய்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் சரியான தொகையைக் கண்டுபிடிக்க, வாரச் செலவை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். எனக்கு அது 9,100.

அந்தக் கூடுதல் 700-ஐ எங்கிருந்து எடுப்பது என்பதற்காகத்தான் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதியை ஒட்டி வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை ஒரு சீட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டு முடிந்ததும் அதைச் சாப்பாட்டுக்குத் திருப்பினோம். நான் பயந்தபடி அவர் எதுவும் நினைக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஆச்சி சொன்ன இரண்டாவது விஷயம், ரூபாயை எழுதாதே, அளவை எழுது என்பது. "வெலை அவன் கையில, அளவு உன் கையில" என்றார். எங்கள் வீட்டுக்கு வாரம் எவ்வளவு எண்ணெய் ஆகிறது என்று கேட்டால் எனக்கு அப்போது தெரியாது. தராசு எதுவும் வேண்டாம், பொட்டலத்தைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதி எழுதி வைத்தேன், தீரும் அன்று நோட்டில் குறித்தேன். ஒன்றரை மாதம் இப்படிச் செய்ததில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒன்பது நாளில் தீர்கிறது. அதாவது மாதம் மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்பளம், வடகம், சாயங்காலப் பலகாரம் என்று பொரிப்பதில்தான் பாதி போகிறது. பொரிப்பதை வாரம் ஒரு நாள் என்று வைத்ததும் மூன்று லிட்டருக்கு வந்தது. அதில் ஒரு லிட்டர் ரேஷன் பாமாயில் 25 ரூபாய். அரிசி நாளுக்கு 1,200 கிராம் ஆகிறது. ரேஷனில் நான்கு பேருக்கு 20 கிலோ இலவசம், அதை இட்லி, தோசைக்கும் பாதிச் சோற்றுக்கும் வைத்துக்கொண்டால், கடையில் வாங்கும் 26 கிலோ மூட்டை ஏழு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மூட்டை ஏன் 25 கிலோவாக இல்லாமல் 26 கிலோவாக இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு விற்கும் அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதைத் தாண்டிய மூட்டைக்கு இல்லை. ஆகவே 10 கிலோ பை மூன்று வாங்குவதைவிட 26 கிலோ மூட்டை ஒன்று வாங்கினால் லாபம்.

எண்ணெயில் இன்னொரு ஏமாற்றமும் எனக்கு நடந்திருந்தது. 155 ரூபாய் லிட்டர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் 135 ரூபாய்க்கு அதே உயரத்தில் ஒரு பாக்கெட் இருக்கும். இருபது ரூபாய் குறைவு என்று அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதன் பின்னால் 750 கிராம் என்று இருந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் எடை இருக்கும். அப்படியென்றால் 750 கிராம் என்பது 820 மில்லிக்குச் சற்று மேல். அந்த விலையில் லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 164 ரூபாய் வருகிறது. மலிவு என்று நினைத்து ஒன்பது ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறேன். பொட்டலங்களில் இப்போது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றில் கிராமும் மற்றதில் மில்லியும் இருந்தால் அப்படியே ஒப்பிட முடியாது, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அளவு தெரிந்த பிறகு பணத்தை இரண்டாகப் பிரித்தேன். அரிசி, பருப்பு, உளுந்து, எண்ணெய், மசாலாச் சாமான், டீத்தூள் போன்ற காய்ந்த சாமான் வாரத்துக்கு 700 ரூபாய், மாதத்துக்கு 3,030 ரூபாய். இதைச் சம்பளம் வந்ததும் ஒரே தடவையில், கையில் காசு கொடுத்து வாங்குகிறேன். ரேஷன் சாமானை முதலில் வாங்கிவிட்டு, இல்லாததுக்குத்தான் கடைக்குப் போவது. மிச்சம் வாரத்துக்கு 1,400 ரூபாய் பால், காய்கறி, முட்டை, கறிக்கு. சந்தை நாளுக்கு முந்தின இரவு அந்த 1,400-ஐ ஒரு சுருக்குப் பையில் போடுவேன். அடுத்த சந்தை வரைக்கும் அவ்வளவுதான்.

நாள்காட்டியில் சந்தை நாட்களை எல்லாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே வட்டம் போட்டு வைத்துவிட்டேன். சில மாதத்தில் நான்கு சந்தை, சில மாதத்தில் ஐந்து. நான்கு சந்தை வரும் மாதத்தில் 9,100-இல் சுமார் 470 ரூபாய் மிஞ்சும். அதைத் தொடவே கூடாது, தனி டப்பாவில் போட வேண்டும். ஐந்து சந்தை மாதத்தில் 930 ரூபாய் குறையும், அது அந்த டப்பாவிலிருந்து வரும். பொதுவாக ஆண்டுக்கு எட்டு மாதம் நான்கு சந்தை, நான்கு மாதம் ஐந்து சந்தை. போட்டதும் எடுத்ததும் சரியாகப் போய்விடும். முதல் மாதமே ஐந்து சந்தையாக இருந்தால் டப்பா காலியாக இருக்கும். அதனால் தொடங்கும்போது நான்கு சந்தை மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள். நான் அப்படிச் செய்யாமல் முதல் முறை தடுமாறினேன்.

இனி விலை ஏறினால் என்ன செய்வது. அந்த 1,400 எப்படிப் பிரிகிறது என்று முதலில் சொல்கிறேன். பச்சை பாக்கெட் பால் நாளுக்கு ஒரு லிட்டர், வாரத்துக்கு 308. முட்டை 14, அதற்கு 84. வாரம் ஒரு நாள் கோழியோ மீனோ 250. காய்கறி 350. கீரை, பழம் 100. வெங்காயம், சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு சேர்த்து 180. தேங்காய் மூன்று, 66. எல்லாம் சேர்த்தால் 1,338. மிச்சம் 62 ரூபாயை எதற்கும் ஒதுக்காமல் விட்டிருக்கிறேன். அது விலை ஏற்றத்துக்கு. முன்பு கடைசிப் பைசா வரைக்கும் சாமானுக்கு ஒதுக்கிவிடுவேன், அதனால் தக்காளி பத்து ரூபாய் ஏறினாலே திட்டம் மொத்தமும் சரிந்து போய்விடும்.

2025 ஆகஸ்டில் ஒரு சந்தை. தேங்காய் 22-லிருந்து 40 ஆகியிருந்தது. அந்த ஆண்டு தேங்காய் விலை பல ஊர்களிலும் அப்படித்தான் ஏறியிருந்தது. தக்காளி கிலோ 30 என்று எழுதியிருந்தேன், 50 சொன்னார்கள். சின்ன வெங்காயம் 60-க்கு 80. வழக்கமான அளவில் வாங்கினால் தேங்காயில் 54, தக்காளி ஒன்றரைக் கிலோவில் 30, சின்ன வெங்காயத்தில் 20, ஆக 104 ரூபாய் கூடுதல். கையில் இருப்பது 62. பழைய நானாக இருந்தால் பாலில் கை வைத்திருப்பேன். இப்போது பாலும் முட்டையும் பருப்பும் கடைசி வரைக்கும் தொடக்கூடாதவை என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். தேங்காயை மூன்றிலிருந்து இரண்டாக்கினேன், 40 மிச்சம். தக்காளியை ஒன்றரையிலிருந்து ஒரு கிலோவாக்கினேன், 25 மிச்சம். கூடுதல் 39 ரூபாயோடு நின்றது, 62-இல் 23 மீதி.

இது சமையலில் என்னவாக இறங்கியது என்றால், அந்த வாரம் இரண்டு நாள் தக்காளியே போடாத குழம்பு. நம் ஊர்ச் சமையலில் அதற்குப் பஞ்சமே இல்லை. வத்தல் போட்ட புளிக்குழம்பு ஒரு நாள், கத்திரிக்காயை வேகவைத்துப் புளி ஊற்றிச் செய்த கோசமல்லி ஒரு நாள் இட்லிக்கு. குருமாவுக்கு ஒரு மூடித் தேங்காய் அரைப்பதற்குப் பதிலாகக் கால் மூடியோடு இரண்டு கரண்டி பொட்டுக்கடலையும் சோம்பும் சேர்த்து அரைத்தேன். கெட்டியாகவே வந்தது, பிள்ளைகள் வித்தியாசம் கேட்கவில்லை. பொட்டுக்கடலை அதிகமானால் மாவு வாசம் வந்துவிடும், ஆகவே குழம்பு கொதிக்கும்போது கடைசியில்தான் ஊற்ற வேண்டும், ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். தேங்காய் விலை ஏறினால் கசகசாவுக்கு மாறலாமே என்று சிலர் சொல்வார்கள். கசகசா விலையைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அது தேங்காயைவிடப் பல மடங்கு.

ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு வரம்பு விலையை முன்கூட்டியே எழுதி வைப்பது எனக்குப் பெரிய உதவி. தக்காளி 45-ஐத் தாண்டினால் ஒரு கிலோ, 80-ஐத் தாண்டினால் அரைக் கிலோ, மிச்சம் புளி. பூண்டு 300-ஐத் தாண்டினால் பூண்டுக் குழம்பு கிடையாது, ரசத்துக்கு மட்டும். சந்தையில் கூட்டத்துக்கு நடுவில் நின்று யோசித்தால் முடிவு தப்பாகத்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து எழுதியதைப் பார்த்து வாங்கினால் கை நடுங்காது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பால், அரிசி, எண்ணெய் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறினால் அளவைக் குறைத்துச் சமாளிக்க முடியாது, 2,100 என்ற தொகையையே மாற்ற வேண்டும். தொடர்ந்து மூன்று சந்தையில் அந்த 62 ரூபாய் போதாமல் போனால் அதுதான் அறிகுறி என்று வைத்திருக்கிறேன். 2025 நவம்பரில் அப்படி வந்தது. வாரத்துக்கு 2,160 என்று மாற்றி, மறுபடி 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்து, மாதத்துக்கு 260 ரூபாய் கூடுதலாக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் அன்று இரவே சொன்னேன். இரண்டு பேரும் உட்கார்ந்து, கேபிள் இணைப்பை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தோம்.

தோட்டை 2025 செப்டம்பரில் திருப்பினேன். தீபாவளித் துணி தைக்க முன்பணம் வாங்கியதில்தான் முடிந்தது. மகளுக்கு மூன்று மாதம் மாத்திரை, தினமும் பால், வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்று கொடுத்து, அடுத்த பரிசோதனையில் 11.6 வந்தது. மாத்திரையை இப்போது என் கண் முன்னால்தான் சாப்பிடுகிறாள். பற்று நோட்டைக் கடைக்கார அண்ணனிடமே கொடுத்து, இனி காசு கொடுத்தே வாங்குகிறேன் என்றேன். அவர் அதில் எல்லாப் பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதன் பின்பக்கங்கள் காலியாக இருந்தன. சந்தை விலைகளை இப்போது அதில்தான் எழுதி வருகிறேன்.